வெஸ்டிங்குக்கு முன்பே வேலையை விட்டவர்கள்: போன வருஷம் எழுதிய ஈசாப் செலவை என்ன செய்வது?

குன்னூர் லெட்ஜர்

குன்னூரில் ஒரு மென்பொருள் கம்பெனியின் கணக்குகளைப் பார்த்துக்கொள்கிறேன். சின்னக் கம்பெனிதான். ஆனால் முதலீட்டாளர்கள் கேட்டதால் இண்ட் ஏஎஸ் கணக்கு விதிகளுக்கு மாறியாகிவிட்டது. ஈசாப் திட்டத்தில், அதாவது ஊழியர்கள் கம்பெனிப் பங்கைப் பின்னால் குறித்த விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமையாக, 2023 ஏப்ரல் 1 அன்று 40 பேருக்குத் தலா 500 ஆப்ஷன் கொடுத்தோம். மூன்று வருஷம் முழுசாக வேலையில் இருந்தால் 2026 மார்ச் 31 அன்று மொத்தமும் ஒரே தவணையில் வெஸ்ட் ஆகும், அதாவது அவர்களுக்கே சொந்தமாகும். நடுவில் போனால் ஒன்றும் கிடையாது. கொடுத்த நாளான கிராண்ட் தேதியில் ஒரு ஆப்ஷனின் ஃபேர் வேல்யூ, அதாவது நியாய மதிப்பு, 120 ரூபாய் என்று வேல்யூயர் ரிப்போர்ட் கொடுத்தார்.

ஆக, ஒருவருக்கு 60,000 ரூபாய், வருஷத்துக்கு 20,000. முதல் வருஷம் 3 பேர் போய்விட்டார்கள். மீதி 37 பேருக்கு 7,40,000 செலவு எழுதினேன். இந்த வருஷம் இன்னும் 5 பேர் போனார்கள். 32 பேருக்கு 6,40,000 எழுதி 2025 மார்ச் கணக்கை முடிக்கலாம் என்று இருந்தேன்.

ஆடிட்டரின் உதவியாளர் வந்து, "இந்த 5 பேருக்குப் போன வருஷம் எழுதிய 1,00,000 எங்கே போச்சு?" என்று கேட்கிறார். அவர்கள் அந்த வருஷம் வேலை செய்தார்கள், செலவும் நடந்தது, கணக்கும் கையெழுத்தாகி முடிந்தது. அதை இப்போது ஏன் தொட வேண்டும்? தொட்டால் அது முந்தைய வருஷப் பிழை ஆகிவிடாதா?

மலைரயில்

தொட்டுத்தான் ஆக வேண்டும் மேடம். வெஸ்ட் ஆகாமல் போனவருக்குக் கடைசியில் செலவு பூஜ்யம். நான் கோயமுத்தூரில் ஒரு அமெரிக்கக் கம்பெனியின் கிளைக் கணக்கைப் பார்க்கிறேன். நாங்கள் செய்வது ரொம்ப சுலபம். ஆள் இருக்கும் வரை எழுதுவோம். போன அன்றைக்கு அவருக்கு அதுவரை எழுதியதைத் திருப்பிவிடுவோம்.

உங்கள் கணக்கில் இப்போது 32 பேர். இரண்டு வருஷத்துக்குத் தலா 40,000 என்றால் 12,80,000. போன வருஷம் எழுதிய 7,40,000 போக இந்த வருஷச் செலவு 5,40,000. அவ்வளவுதான். யார் போவார் என்று ஜோசியம் பார்க்க வேண்டாம்.

வண்டிச்சோலை

இது என் கதை மாதிரியே இருக்கிறது. பெங்களூரில் ஒரு கம்பெனியில் நான்கு வருஷம் இருந்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்துவிட்டேன். எனக்கு வெஸ்ட் ஆன ஆப்ஷன் நிறைய இருந்தது. விலகிய பிறகு 90 நாளுக்குள் பணம் கட்டி எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். எடுத்தால் பங்கு விலை வித்தியாசத்துக்கு வரி வேறு பிடிப்பார்கள். கையில் அவ்வளவு காசு இல்லை, விட்டுவிட்டேன். அப்படியானால் என் பேரில் எழுதிய செலவையெல்லாம் அந்தக் கம்பெனி திருப்பி லாபத்தில் சேர்த்துக்கொண்டதா? நான் விட்டுக்கொடுத்ததில் அவர்களுக்கு லாபமா?

கேத்தி பள்ளத்தாக்கு

வண்டிச்சோலையின் கேள்வி வேறு. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் குன்னூர் லெட்ஜர்.

மேடம், நீங்கள் எழுதியது மாதத்துக்கு மாதம் சம்பளம் போடுவது போன்ற கணக்கு. இருக்கிறவருக்குப் போடு, போனவருக்கு நிறுத்து. ஈசாப் செலவு அப்படி ஓடாது. ஒவ்வொரு மார்ச் 31-லும் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: கடைசியில் எத்தனை ஆப்ஷன் வெஸ்ட் ஆகும் என்று இன்றைக்கு நமக்குத் தோன்றுகிறது? அந்த எண்ணிக்கையை 120-ஆல் பெருக்கி, கழிந்த காலத்தின் பங்கை எடுத்தால், இன்று வரை மொத்தம் எவ்வளவு செலவு ஏறியிருக்க வேண்டும் என்பது வரும். அதிலிருந்து ஏற்கெனவே எழுதியதைக் கழித்தால் மிஞ்சுவதுதான் இந்த வருஷச் செலவு.

இதில் 120 ரூபாய் கிராண்ட் தேதியோடு உறைந்துவிட்டது. பங்கு விலை ஏறினாலும் இறங்கினாலும் அதைத் தொடக்கூடாது. எண்ணிக்கை மட்டும் நகரும். ஆள் போவதைக் காட்டுகிற இடம் அந்த எண்ணிக்கைதான். அதனால்தான் வேல்யூயரும் "இத்தனை பேர் போய்விடுவார்கள்" என்று 120-ஐக் குறைத்திருக்க மாட்டார். ரிப்போர்ட்டை ஒருமுறை பாருங்கள். குறைத்திருந்தால் ஒரே விஷயம் இரண்டு முறை கழிந்துவிடும்.

உங்கள் வழியிலேயே போயிருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். அடுத்த வருஷம் இன்னும் 2 பேர் போய் 30 பேருக்கு வெஸ்ட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருஷத்தில் நீங்கள் எழுதியிருப்பது 7,40,000, 6,40,000, 6,00,000. கூட்டினால் 19,80,000. ஆனால் 30 பேருக்குத் தலா 60,000 என்றால் 18,00,000-தான். மிச்சம் 1,80,000 யாருடைய செலவு? யாருக்கும் கிடைக்காத ஆப்ஷனின் செலவு. உதவியாளர் தேடுவது அதன் முதல் பங்கைத்தான்.

மலைரயில் சார் சொன்னதில் மொத்தம் சரியாக 18,00,000-க்கு வந்து நிற்கும். ஆனால் அது அமெரிக்க விதி. அங்கே 2016-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, ஆள் போகும்போது பார்த்துக்கொள்கிறேன் என்று கம்பெனி தேர்ந்தெடுக்கலாம். ஈசாப் செலவுக்கான விதியான இண்ட் ஏஎஸ் 102-இல் அந்தத் தேர்வு கிடையாது. போகப் போகிறவர்களையும் இன்றைக்கே மதிப்பிட வேண்டும். இண்ட் ஏஎஸ்-க்கு வராத மற்ற பிரைவேட் கம்பெனிகளுக்காகப் பட்டயக் கணக்காளர் அமைப்பான ஐசிஏஐ தந்த வழிகாட்டுக் குறிப்பும் இதே பாதையில்தான் போகிறது.

மலைரயில்

சரி, விதி அப்படியே இருக்கட்டும். நடைமுறையில் 40 பேர் உள்ள கம்பெனியில் மதிப்பீடு என்பது யாரோ ஒருவர் வாயில் வந்த எண்தானே? லாபம் குறைவாக இருக்கும் வருஷம் "நிறையப் பேர் போவார்கள்" என்று எழுதினால் செலவு குறையும். அதைவிட நடந்ததை மட்டும் எழுதுவது நேர்மையானது என்பேன்.

கேத்தி பள்ளத்தாக்கு

ஆபத்து உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் வெஸ்டிங் தேதியில் உண்மை எண்ணிக்கை வந்தே தீரும். இந்த வருஷம் குறைத்தது கடைசி வருஷத்தில் ஏறிவிடும். அதனால் நான் ஆடிட்டில் முதலில் கேட்பது போன வருஷ மதிப்பீட்டுத் தாளை. எத்தனை பேர் போவார்கள் என்று எழுதினார்கள், எத்தனை பேர் போனார்கள் என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்தப் பக்கம் சாய்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

குன்னூர் லெட்ஜர்

மதிப்பீடு வேண்டும் என்பது புரிகிறது. எங்கள் முதலாளி "நம்ம ஊரில் வருஷத்துக்குப் பத்து சதவீதம் பேர் போவார்கள், அதைப் போடு" என்றார். என்னுடன் வேலை செய்யும் தம்பி மூன்று வருஷத்துக்கு 0.9-ஐ மூன்று முறை பெருக்கி 0.729 என்று எடுத்து, இருக்கிற 32 பேரோடு பெருக்கினான். 23 பேர் வந்தது. அதன்படி இதுவரையிலான செலவு 9,20,000. போன வருஷத்தைக் கழித்தால் இந்த வருஷம் வெறும் 1,80,000. ஏதோ இடிக்கிறது, ஆனால் எங்கே என்று தெரியவில்லை.

கேத்தி பள்ளத்தாக்கு

இடிக்கிற இடம் 32-தான். 0.729 என்பது முதல் நாள் இருந்த 40 பேருக்கானது. 40 பேரில் 29 பேர் மிஞ்சுவார்கள் என்று அர்த்தம். இப்போது இருக்கிற 32 பேர் இரண்டு வருஷத்தைத் தாண்டி வந்தவர்கள். அவர்களுக்கு மிச்சம் இருப்பது ஒரு வருஷம்தான். பத்து சதவீதத்தை வைத்தாலும் ஒரு முறைதான் கழிக்க வேண்டும். 28.8 வரும், 29 பேர் என்று வைக்கலாம். உங்கள் தம்பி ஏற்கெனவே போனவர்களை இன்னொரு முறை அனுப்பிவிட்டார். எக்செல் தாளில் போன வருஷ வரிசையை நகலெடுத்து ஒட்டும்போது நான் அதிகம் பார்க்கிற தவறு இது. கண்டுபிடிப்பதும் சுலபம். இந்த வருஷம் எத்தனை பேர் போவார்கள் என்று ஃபார்முலா சொல்கிறது என்பதைத் தனியாக ஒரு கட்டத்தில் போட்டுப் பாருங்கள். 32-இல் 9 பேர் ஒரே வருஷத்தில் என்று வந்தால் கண்ணே சொல்லிவிடும்.

கட்டபெட்டு

நான் கணக்குக்காரி இல்லை. கோத்தகிரிப் பக்கம் ஒரு கம்பெனியில் ஹெச்ஆர். அந்தப் பத்து சதவீதத்தில்தான் எனக்குச் சந்தேகம். மலையில் அப்படி ஒரே எண் போட முடியாது. உள்ளூர்ப் பிள்ளைகள், படகர் வீட்டுப் பிள்ளைகள், அரவங்காட்டிலும் வெலிங்டனிலும் வீடு உள்ளவர்கள் எல்லாம் லேசில் போக மாட்டார்கள். தோட்டம், வீடு, பெற்றோர் எல்லாம் இங்கே. கீழே இருந்து வந்தவர்கள் கதை வேறு. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து மேட்டுப்பாளையம் ரோடு ஒரு முறை அடைபட்டால் போதும், பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்கள் கோயமுத்தூரில் வேலை தேட ஆரம்பித்துவிடுவார்கள். போனஸ் வாங்கிக்கொண்டு ஏப்ரலில் கடிதம் கொடுப்பார்கள். உங்கள் கம்பெனியில் போன 8 பேர் யார் என்று பார்த்தீர்களா?

குன்னூர் லெட்ஜர்

அக்கா, நீங்கள் சொன்ன பிறகுதான் பிரித்துப் பார்த்தேன். ஆரம்பத்தில் உள்ளூர்க்காரர்கள் 21, வெளியூர்க்காரர்கள் 19. முதல் வருஷம் போனது உள்ளூர் 1, வெளியூர் 2. இந்த வருஷம் போன 5 பேருமே வெளியூர். இப்போது இருப்பது உள்ளூர் 20, வெளியூர் 12.

கேத்தி பள்ளத்தாக்கு

இதைத்தான் எதிர்பார்த்தேன். கட்டபெட்டு மேடத்துக்கு நன்றி. இந்த வருஷத் தொடக்கத்தில் இருந்த 17 வெளியூர்க்காரர்களில் 5 பேர் போயிருக்கிறார்கள். பத்துக்கு மூன்று பேர் கணக்கு. அதே வேகத்தில் போனால் 12 பேரில் 3 அல்லது 4. உள்ளூரில் ஒருவர் போகலாம், போகாமலும் இருக்கலாம். மொத்தம் 4 பேர் என்று வைப்பது நியாயம். 28 பேருக்கு வெஸ்ட் ஆகும்.

```
=28*500*120*2/3-740000
```

விடை 3,80,000. இன்று வரை ஏறியிருக்க வேண்டியது 11,20,000, எழுதியது 7,40,000, மிச்சம் இந்த வருஷத்துக்கு. ஊழியர் செலவில் பற்று, ஈக்விட்டிப் பக்கம் ஷேர் ஆப்ஷன்ஸ் அவுட்ஸ்டாண்டிங்கில் வரவு. 5 பேருக்காகத் தனியாக ரிவர்ஸல் பதிவு தேவையில்லை. அந்த 1,00,000 இந்தக் கழித்தலுக்குள்ளேயே போய்விட்டது. தனியாகவும் திருப்பினால் இரண்டு முறை திருப்பியதாகும்.

முன்னே சொன்னபடி அடுத்த வருஷம் 2 பேர் மட்டும் போனால் 30 பேருக்கு 18,00,000. அந்த வருஷச் செலவு 6,80,000. திடீரென்று ஏறியதே என்று முதலாளி கேட்பார். 28 என்று நினைத்தோம், 30 ஆனது, இரண்டு பேரின் பழைய வருஷப் பங்கும் சேர்ந்து ஏறியது என்று இப்போதே சொல்லிவையுங்கள்.

அப்புறம் பிழையா என்ற கேள்வி. மதிப்பீடு மாறினால் அது மாறிய வருஷத்திலேயே எழுத வேண்டியது, பழைய கணக்கைத் திறக்க வேண்டாம். ஆனால் நீங்கள் போன வருஷம் மதிப்பீடே செய்யவில்லை, யாரும் போக மாட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்போதே 3 பேர் போயிருந்தார்கள், இன்னும் போவார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். கறாராகப் பார்த்தால் அது பிழைதான். தொகை உங்கள் லாபத்தின் முன்னால் சின்னது என்றால் இந்த வருஷத்திலேயே சரிசெய்வதை எந்த ஆடிட்டரும் தடுக்க மாட்டார். பெரிது என்றால் அவரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

மலைரயில்

அப்படியானால் ஒரே வருஷத்துக்கு மூன்று பதில். மேடம் 6,40,000, நான் 5,40,000, நீங்கள் 3,80,000. நீங்கள் எழுதியதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. இரண்டாவது வருஷம் குறைத்துவிட்டு மூன்றாவது வருஷம் ஏற்றுகிறீர்கள்.

கேத்தி பள்ளத்தாக்கு

குறைவாகத் தெரிவதற்கு ஒரு காரணம் போன வருஷம் அதிகமாக எழுதியது. முதல் வருஷமே ஒழுங்காக மதிப்பிட்டிருந்தால் இந்த அளவு ஆட்டம் இருக்காது. ஒரு வருஷத்தில் நிறையப் பேர் போனால் செலவு மைனஸில் கூட வரலாம். அதையும் அப்படியே எழுத வேண்டியதுதான்.

இப்போது வண்டிச்சோலை. உங்கள் பேரில் எழுதிய செலவு திரும்பி லாபத்துக்கு வராது. வெஸ்டிங் தேதி வரை நீங்கள் வேலை செய்துவிட்டீர்கள், ஆப்ஷன் உங்கள் கையில் வந்துவிட்டது. அப்புறம் பயன்படுத்தாமல் விட்டது உங்கள் முடிவு. கம்பெனி செய்யக்கூடியது ஒன்றுதான். ஈக்விட்டிக்குள்ளேயே ஆப்ஷன் கணக்கிலிருந்து ஜெனரல் ரிசர்வுக்கோ ரிடெயின்ட் எர்னிங்ஸுக்கோ மாற்றலாம். லாப நஷ்டக் கணக்கு வழியாகப் போகாது. குன்னூர் மேடத்தின் 5 பேருக்கும் உங்களுக்கும் நடுவில் நிற்பது அந்த வெஸ்டிங் தேதி மட்டும்தான். நோட்ஸிலும் இரண்டும் தனித்தனி வரி. மேடத்துக்கு இந்த வருஷம் வெஸ்ட் ஆகாமலே ஃபோர்ஃபிட் ஆனது 2,500 ஆப்ஷன். உங்களுடையது எக்ஸ்பையர்ட் என்ற வரியில் போயிருக்கும். அந்த 2,500 உண்மையில் போனவர்களின் எண்ணிக்கை. இனிமேல் போவார்கள் என்ற 4 பேரை அதில் சேர்த்துவிடாதீர்கள்.

வண்டிச்சோலை

ஆக அவர்களுக்கும் லாபமில்லை, எனக்கும் லாபமில்லை. சரிதான்.

மலைரயில்

உங்கள் ஆப்ஷனுக்காகப் புதுப் பங்கு அச்சாகவில்லை. மற்ற பங்குதாரர்களின் பங்கு நீர்த்துப்போகவில்லை. லாபம் அவர்களுக்குத்தான்.

குன்னூர் லெட்ஜர்

இன்னும் இரண்டு விஷயம். போன 5 பேரில் ஒருவரை நாங்களே அனுப்பினோம். வேலை சரியில்லை. கம்பெனியே நிறுத்தினால் அது ஆப்ஷனை ரத்து செய்ததாகும், மிச்சச் செலவு முழுவதையும் ஒரே அடியாக எழுத வேண்டும் என்று முதலாளியின் நண்பர் ஒருவர் சொல்கிறார்.

இன்னொன்று, வெளியூர் ஆட்களில் ஒருவர் ஏப்ரல் 9 அன்று ராஜினாமா கடிதம் கொடுத்திருக்கிறார். கணக்கு இன்னும் கையெழுத்தாகவில்லை. அவரை எங்கே வைப்பது?

கேத்தி பள்ளத்தாக்கு

முதலாவதுக்கு நண்பர் சொன்னது தவறு. எந்தக் காரணத்தால் வேலை நின்றாலும், சர்வீஸ் நிபந்தனை நிறைவேறவில்லை என்றுதான் இண்ட் ஏஎஸ் 102 சொல்கிறது. அனுப்பியவரும் தானாகப் போனவரும் ஒன்றுதான். அவருக்கு எழுதியது திரும்பும். முழுச் செலவையும் உடனே எழுதுவது, ஆள் வேலையில் இருக்கும்போதே கம்பெனி அவருடைய ஆப்ஷனை ரத்து செய்தால்தான். அந்த நண்பர் அதையும் இதையும் குழப்பிக்கொண்டார்.

ஏப்ரல் 9 கடிதம்தான் சிக்கல். என் பார்வையில் அவர் 4 பேருக்குள் ஒருவர். வெளியூரிலிருந்து 3 அல்லது 4 பேர் போவார்கள் என்று ஏற்கெனவே கணக்கில் வைத்திருக்கிறோம். கடிதம் வந்தது அந்த மதிப்பீட்டை உறுதி செய்கிறது, மாற்றவில்லை.

கட்டபெட்டு

ஆனால் 5 பேர் ஏப்ரலிலேயே கடிதம் கொடுத்தால்? 4 என்று வைத்திருப்பீர்களே. ஹெச்ஆர் கண்ணில் பார்த்தால், ஏப்ரலில் கடிதம் கொடுப்பவர் மார்ச்சிலேயே முடிவு செய்துவிட்டிருப்பார். போனஸ் வரட்டும் என்று காத்திருப்பார். எனக்கு பிப்ரவரியிலேயே தெரியும், எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட் வேண்டும் என்று யாராவது மெதுவாகக் கேட்பார்கள்.

கேத்தி பள்ளத்தாக்கு

அப்படிக் கேட்டது மெயிலில் இருந்தால், மார்ச் 31 அன்றே போவார் என்பதற்கு ஆதாரம் இருந்தது என்று சொல்லலாம், எண்ணிக்கையை மாற்றலாம். ஒன்றுமே தெரியாமல் ஏப்ரலில் திடீரென்று வேறு வேலை கிடைத்துப் போனால், அது அடுத்த வருஷத்து நிகழ்வு என்பேன்.

மலைரயில்

எனக்கு ஒத்துவரவில்லை. கணக்கு கையெழுத்தாகும் முன் தெரிந்த உண்மையை விட்டுவிட்டு, மார்ச் 31 அன்று யார் மனதில் என்ன இருந்தது என்று தேடுவதா? ஒருவர் போய்விட்டார் என்று தெரிந்தே "இருப்பார்" என்று எப்படிக் கையெழுத்துப் போடுவது?

கேத்தி பள்ளத்தாக்கு

இந்த இடத்தில் ஆடிட்டர்களும் ஒரே மாதிரி பேசுவதில்லை. நான் மார்ச் 31 அன்று இருந்த நிலைமையைத்தான் பிடித்துக்கொள்வேன். நீங்கள் சொல்வதை ஏற்பவர்களையும் பார்த்திருக்கிறேன். குன்னூர் மேடம், ஒருவர் விஷயத்தில் வித்தியாசம் 40,000 ரூபாய்தான். ஆடிட்டரிடம் எப்படிச் செய்தீர்கள் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். அடுத்த வருஷமும் அதே வழியில் செய்யுங்கள்.

குன்னூர் லெட்ஜர்

அவர் மார்ச் 18 அன்று சம்பளச் சான்றிதழ் கேட்டு மெயில் போட்டிருக்கிறார். காரணம் வீட்டுக் கடன் என்று எழுதியிருக்கிறார்.

கட்டபெட்டு

வீட்டுக் கடன் எந்த ஊரில் என்று கேட்டீர்களா?